ரிஜிஸ்டர் பண்ணிவிட்டால் போதுமா?

கார்த்தி,

போனில் "உயிலை ரிஜிஸ்டர் பண்ணிடும்மா, அப்புறம் எவனும் வாய் திறக்க முடியாது" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாய். உன் மாமாவும் இதைத்தான் பாடுகிறான். பாதி சரி, மீதியைப் போனில் சொன்னால் கேட்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

உயிலை ரிஜிஸ்டர் செய்தே ஆக வேண்டும் என்று கிடையாது. 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் அதை எழுதுகிறவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி நான் கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சி முறையாகப் போட்டாலே செல்லும், முத்திரைத்தாள்கூட வேண்டாம். இன்னொன்று, இன்று ரிஜிஸ்டர் செய்ததை நாளைக்கே ரிஜிஸ்டர் செய்யாத இன்னொரு உயிலால் மாற்றலாம். ரிஜிஸ்டர் ஆனதுதான் பெரியது என்று சட்டம் பார்ப்பதில்லை, கடைசியாக முறைப்படி எழுதியது எது என்றுதான் பார்க்கும்.

அப்படியானால் எதற்கு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்? போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள், "நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா" என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். பின்னால் "அது அம்மா கையெழுத்தே இல்லை" என்று ஒருத்தர் சொல்வது கஷ்டமாகிவிடும். காகிதம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நான் இருக்கும்வரை அந்த நகலை என்னைத் தவிரவும் நான் எழுதிக் கொடுத்த ஏஜெண்டைத் தவிரவும் யாரும் வாங்க முடியாது, வில்லங்கச் சான்றிலும் வராது. இது பெரிய நன்மைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் தண்டையார்பேட்டையில் நமக்குத் தெரிந்த அந்த ஹார்பர் பெரியவர் வீட்டு விஷயம் உனக்கு முழுசாகத் தெரியாது. வீட்டைச் சின்னவனுக்கு எழுதி ரிஜிஸ்டரும் செய்திருந்தார். அவர் போனதும் பெரியவன் கேஸ் போட்டான். ரிஜிஸ்டர் ஆனதோ இல்லையோ, கோர்ட்டில் உயிலை நிரூபிக்க, உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருத்தராவது கூண்டில் ஏற வேண்டும். ஒரு சாட்சி இறந்துவிட்டார். மற்றவர் வந்தார். "அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா?" என்று வக்கீல் கேட்க, "இல்லீங்க, சின்னவன் கடைக்கு எடுத்துட்டு வந்தான், போட்டேன்" என்றார். பெரியவர் தானாக வந்து "இது என் கையெழுத்து" என்று இவரிடம் சொல்லியிருந்தாலும் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கும், அதுவும் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர் இருக்கிறார்களே என்று சின்னவன் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் "இவர் இன்னார்தான்" என்று அடையாளம் காட்ட வந்தவர்கள், உயிலுக்குச் சாட்சி இல்லை. இந்த ரெண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கடைசியில் உயில் நிற்கவில்லை.

போதாததற்கு, பத்திரம் எழுதுகிறவரிடம் பேசியது, ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனது எல்லாமே சின்னவன். ஆதாயம் அடைகிறவனே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தால் கோர்ட் சந்தேகப்படும். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது உயிலைக் கொண்டு வருகிறவன் பொறுப்பு என்று 1958லேயே சுப்ரீம் கோர்ட், வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. ரிஜிஸ்டர் ஆனதாலேயே அந்தச் சந்தேகம் போய்விடாது என்று 1961லும் சொல்லியிருக்கிறது.

அதனால் நான் ரிஜிஸ்டர் செய்யத்தான் போகிறேன், ஆனால் என் கவலையெல்லாம் சாட்சிகளைப் பற்றித்தான். என் வயதுக்காரிகள் வேண்டாம், எனக்கு முன்னாடியே கிளம்பிவிடுவார்கள். மாடியில் குடியிருக்கும் பையனும், என்னிடம் படித்து இப்போது வாத்தியாராக இருக்கிறானே அவனும் வருகிறார்கள். ரெண்டு பேரும் பார்க்க நான் போடுவேன், நான் பார்க்க அவர்கள் போடுவார்கள், அடையாளம் காட்டவும் அவர்களே வருவார்கள். அன்றைக்கே டாக்டரிடம், நினைவு தெளிவாக இருக்கிறேன் என்று ஒரு சர்டிபிகேட். அக்காவும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கமே வரக்கூடாது, வக்கீலிடம் பேசுவதும் நான்தான்.

ஏன் அக்கா பெயர் வருகிறது என்று இப்போது கேட்பாய். வண்ணாரப்பேட்டை வீடு அவளுக்கு, பேங்கில் இருப்பது உனக்கு. வீடு நான் சம்பளத்தில் வாங்கியது. உன் படிப்புக்கும் ஃப்ளாட்டுக்கும் கொடுத்ததைக் கணக்கில் எடுத்துத்தான் இப்படிப் பிரித்தேன், அந்தக் காரணத்தை உயிலிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளைக்குக் குறைத்தால் அதுவே ஒரு சந்தேகம் ஆகிவிடும். உனக்கு மனசில் ஏதாவது இருந்தால் என்னிடமே சொல், நான் போன பிறகு வக்கீல் வழியாக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. டிராப்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், மாமாவுக்கு ஃபார்வேர்ட் பண்ணாதே.

அம்மா