நிலக்கடலை கொட்டையா, பயறா?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய் என்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. இங்கே எனக்கு முழங்கால் வலி மட்டும்தான், மற்றபடி நலம்.

நிலக்கடலை கொட்டையா, பயறா என்ற உன் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். நிலக்கடலை கொட்டை இல்லை. அது அவரை, துவரை, பட்டாணி எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. வெறுமனே சொன்னால் அவள் ஏற்கமாட்டாள். ஓட்டோடு இருக்கும் ஒரு கடலையைக் கையில் கொடு. மூக்குப் பக்கம் அழுத்தினால் ஓடு ஒரு கோட்டின் வழியே இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே இரண்டு விதைகளும் ஓட்டின் ஒரே விளிம்பில் ஒட்டியிருந்த தடம் தெரியும். பிறகு ஒரு பட்டாணிக் காயை உரித்துப் பக்கத்தில் வை. அதே விளிம்பு, அதே வரிசை. பூவில் விதையைத் தாங்கும் இலைபோன்ற உறுப்பான சூலிலை ஒன்று மட்டும் நீளவாக்கில் மடிந்து, அதன் ஓரங்கள் ஒட்டி உருவான காய் இப்படித்தான் இருக்கும்.

உண்மையான கொட்டைக்கு மேல்நாட்டு ஹேசல் கொட்டை நல்ல உதாரணம். பூவில் காயாக மாறும் பகுதியான அதன் சூலகம் இரண்டு சூலிலைகள் இணைந்து உண்டானது. சூலகச் சுவர் முழுவதும் மரம்போல் இறுகிப்போகும்; வழக்கமாக ஒரே விதைதான் முற்றும். காயாகத் திறப்பதற்கான கோடு அதில் கிடையாது.

இங்கே நீயே ஒரு கேள்வி கேட்பாய் என்று தெரியும். அவரைக் குடும்பத்துக் காய் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறவேண்டும் என்றுதானே படித்தோம்? கடலை மண்ணுக்குள் மூடியேதான் கிடக்கிறது. உண்மைதான். ஆனால் புளியங்காயும் தானாக வெடிப்பதில்லை, அதுவும் இதே குடும்பம்தான். காய் வெடிக்கிறதா என்பது ஒரு செடியின் பழக்கம். உறவை அதைக்கொண்டு தீர்மானிப்பதில்லை. பூவையும் சூலகத்தையும் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கடலைப் பூவைப் பார்த்திருக்கிறாயா? சின்ன மஞ்சள் பூ. மேலே அகன்ற ஓர் இதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இறக்கைகள், கீழே படகுபோல் இணைந்த இரண்டு இதழ்கள். அவரைப் பூவின் வடிவம் அப்படியே. வேரைப் பிடுங்கிப் பார்த்தால், காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகளும் இருக்கும்.

அப்படியானால் மண்ணுக்குள் எப்படிப் போனது? எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. காலையில் மலரும் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று அன்றைக்கே வாடிவிடும். சில நாட்களில் சூலகத்தின் அடிப்பகுதி நீளத் தொடங்கும். விவசாயிகள் அதை விழுது என்பார்கள். அதன் நுனியில் இன்னும் வளராத விதைகளைச் சுமந்துகொண்டு அது தரையை நோக்கி இறங்கி மண்ணைத் துளைக்கும். இருட்டு கிடைத்த பிறகுதான் நுனி பருத்துக் காயாகும். உயரத்தில் பூத்து, விழுது மண்ணைத் தொடமுடியாமல் போனால் அது காய்ந்துவிடும். ஆகவே வேர்க்கடலை என்ற பெயர் சரியில்லை. அது வேரில் காய்ப்பதே இல்லை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட 'அராக்கிஸ் ஹைப்போஜியா' என்ற பெயரின் பின்பாதிக்கு நிலத்தடி என்று பொருள். நிலக்கடலை என்ற நம் பெயரும் அதையே சொல்கிறது. கொண்டைக்கடலையோடு சேர்த்துக் கடலை என்று நம்மவர்கள் அழைத்ததும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மண்ணுக்குள் போன காய் இன்னொன்றும் செய்கிறது. தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தைப் பெரும்பாலும் ஓட்டின் வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. வேர் எடுக்கும் கால்சியம் நீரோடு இலைக்கு ஏறிவிடும். கீழே காய்க்கு வந்துசேராது. அதனால்தான் பூக்கும் சமயத்தில் கால்சியம் உள்ள ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்கள். கால்சியம் குறைந்தால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்குக் காய் என்பது அதுதான்.

இவ்வளவு உறவு இருந்தும் கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய் இருக்கிறது. துவரையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கடலையை வறுத்தால் பாதாம்போல் ருசிப்பதில் அந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. சமையலில் அதைக் கொட்டைகளோடு சேர்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பாதாமும் முந்திரியும்கூடத் தாவரவியல்படி கொட்டைகள் அல்ல என்பதைப் பேத்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடாதே, அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம்.

அவளுடைய தோழிக்குக் கடலை ஒவ்வாமை என்று எழுதியிருந்தாய். பயறு இனம் என்பதால் பருப்பு வகைகளையெல்லாம் அந்தப் பிள்ளை தவிர்க்கவேண்டும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். கடலை ஒத்துக்கொள்ளாத பலருக்கு மற்றப் பயறுகள் ஒத்துக்கொள்கின்றன. சிலருக்கோ உறவே இல்லாத மரக்கொட்டைகள் ஒத்துக்கொள்வதில்லை. எதைச் சாப்பிடலாம் என்பதை மருத்துவர்தான் சோதித்துச் சொல்லவேண்டும்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். பட்டாணியையும் கடலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேத்தி என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
ராமநாதன்