பாறைக்கு பில் ஏறும்போது மண் ஏன் குறையவில்லை? மில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் புது ஷெட் போடுகிற, கட்டடத்தை விரிவாக்குகிற மில் முதலாளிகளுக்கும் எம்.டி.க்களுக்கும்,

வணக்கமுங்க. நான் இன்டர்னல் ஆடிட் பார்க்கிறவன். விற்றுமுதல் 200 கோடியைத் தொட்டாலோ பேங்க் கடன் 100 கோடியைத் தொட்டாலோ, பிரைவேட் கம்பெனியாக இருந்தாலும் கம்பெனிச் சட்டம் 138-வது பிரிவின்படி எங்களை வைத்துத்தான் ஆக வேண்டும். சரி, வைக்கிறீர்கள். ஆனால் கட்டட வேலைக்கு மட்டும் எல்லாம் முடிந்து பெயின்ட் அடித்த பிறகுதான் கூப்பிடுகிறீர்கள். அதனால் என்ன போகிறது என்பதைப் போன வருஷம் பார்த்த ஒரு மில்லை வைத்தே சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

ஷெட் அஸ்திவாரத்துக்கு டிராயிங்படி தோண்ட வேண்டியது மொத்தம் 4,200 கன மீட்டர். ஒப்பந்தத்தில் மண் 3,600, கன மீட்டருக்கு 200 ரூபாய். கடும்பாறை 600, அதற்கு 1,000 ரூபாய். ஆக மொத்தம் 13.2 லட்சம். வேலை நடக்கும்போது கான்ட்ராக்டர் பாறை 2,000 வந்துவிட்டது என்று 14 லட்சம் எக்ஸ்ட்ரா கேட்டார். நம்ம ஊரில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பத்தடி தள்ளித் தோண்டினால் பாறை மட்டம் மாறிவிடும் பூமி இது. "தோண்டுனாத்தானுங்க தெரியும்" என்று சைட் இன்ஜினியரும் சொல்ல, பில் பாஸ் ஆகிவிட்டது.

முதலில் நான் பார்த்தது பாறையை அல்ல, மண்ணை. இறுதி பில்லில் மண் 3,600 அப்படியே நிற்கிறது, பாறை 2,000. கூட்டினால் 5,600. குழியே 4,200 தானே! நீளம், அகலம், ஆழம் எதுவும் மாறவில்லை, டிராயிங்கும் திருத்தப்படவில்லை. அப்படியானால் பாறை ஏறின அளவுக்கு மண் இறங்கியே ஆக வேண்டும். எக்ஸ்ட்ரா கேட்கும் கடிதத்தில் ஏறினதை மட்டும்தான் எழுதுவார்கள், இறங்கினதை யாரும் எழுத மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

அடுத்து, அந்த 2,000 எப்படி அளந்தது? சைட்டில் அளவு எழுதி வைக்கும் எம்.புக்கைப் பார்த்தால், உடைத்த கல்லை ஓரமாக அட்டி போட்டு அந்த அட்டியை அளந்திருக்கிறார்கள். அட்டியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து நிறைய இருக்கும். மத்திய பொதுப்பணித் துறை விவரக்குறிப்பின்படி அதற்காகப் பாதியைக் கழிக்க வேண்டும், ஒப்பந்தமும் அதைத்தான் பின்பற்றச் சொல்கிறது. கழித்தால் பாறை 1,000, மீதி 3,200 மண். கணக்குப் போட்டால் 16.4 லட்சம், அதாவது நியாயமான எக்ஸ்ட்ரா 3.2 லட்சம். கான்ட்ராக்டர் முழுப் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள், பாறை நிஜமாகவே 600-லிருந்து 1,000 ஆகியிருக்கிறது. அதை மறுப்பதும் தப்பு. ஆனால் கூடப் போன 10.8 லட்சத்துக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போனது, கட்டடத்துக்கான வரி என்பதால் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இவ்வளவுக்கும் ஒப்புதல் எப்படிக் கிடைத்தது என்றால், அந்த மில்லில் ஜி.எம். கையெழுத்துக்கு வரம்பு 5 லட்சம். அந்த 14 லட்சம் 4.9, 4.8, 4.3 என்று மூன்று கடிதமாக, ஒரே வாரத்தில், ஒரே குழிக்கு வந்திருந்தது. பட்ஜெட்டில் எதிர்பாராத செலவுக்காகக் கன்டிஞ்சன்ஸி என்று ஒதுக்கியிருந்த தொகையில் மூன்றையும் தட்டிவிட்டதால் மாத அறிக்கையில் 'பட்ஜெட்டுக்குள்' என்றே வந்தது. போர்டுக்கு விஷயமே போகவில்லை.

பணம் திரும்பி வந்ததா என்றால், பாதிகூட வரவில்லை. தோண்டும் முன் எடுத்த லெவல் புத்தகத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இல்லை. குழியில் பி.சி.சி. கான்கிரீட் போட்டு மூடிய பிறகு பாறை எந்த மட்டத்தில் தொடங்கியது என்று யாராலும் காட்ட முடியாது. பிரேக்கர் ஓடிய மணிக்கணக்கு, டிப்பர் டிரிப் சீட்டு என்று சுற்றி வளைத்துத்தான் பேச முடிந்தது, அப்புறம் பேரம்தான்.

அதனால் கேட்கிறேன். அடுத்த வேலைக்கு மண் பரிசோதனையை ஒரே ஒரு போர் துளையோடு நிறுத்தாமல் ஷெட்டின் நாலு மூலையிலும் போடச் சொல்லுங்கள். கையெழுத்து வரம்பைக் கடிதத்துக்கு இவ்வளவு என்று வைக்காமல், ஒரு ஒப்பந்தத்துக்கு மொத்த எக்ஸ்ட்ரா இவ்வளவு என்று மாற்றுங்கள். மண்ணை வழித்து எடுத்துப் பாறை தெரிந்ததும், உடைக்கும் முன்னால், இரண்டு தரப்பும் சேர்ந்து லெவல் எடுத்துக் கையெழுத்துப் போடட்டும். அன்றைக்கு எங்களுக்கும் ஒரு போன் பண்ணுங்க, சைட்டுக்கே வந்து நிற்கிறோம்.