இடுப்புவாரில் ஒரு புதிய துளை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். நீ பெர்த் புறப்பட்டபோது என் வயிற்றைப் பார்த்துக் கவலைப்பட்டாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்த எனக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அமரும் பழக்கம் போகவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பெரியவரும் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி அம்மையாரும் அழைத்ததால், விடியுமுன் ஆறரை மணிக்கே பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போகத் தொடங்கினேன். காலாங் ஆற்றங்கரையோரமாக நான்கு கிலோமீட்டர் நடப்போம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம் என்றார் அம்மையார்.

முதல் நாளே அவர் அளவு நாடாவைக் கொண்டு வந்துவிட்டார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டுமாம். எனக்கு 98 சென்டிமீட்டர் இருந்தது. ஆசிய ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும். எடை 78 கிலோ.

ஆறு வாரம் நடந்தும் இரண்டும் அசையவில்லை. மிகவும் மனம் தளர்ந்து போனேன். நடை முடிந்ததும் காப்பிக்கடையில் அமர்ந்து இரண்டு பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் சாப்பிடுவது எங்கள் வழக்கமாகியிருந்தது. என் எடையில் நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 200 கலோரிதான் செலவாகும், அந்த ஒரு தட்டிலேயே அதைவிட மிகுதியாக உள்ளே போய்விடுகிறது என்று அம்மையார் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து மூவரும் பால், சீனி இல்லாத தே ஓ கோசோங்கோடு எழுந்துவிடுகிறோம். எனக்கு வீட்டில் உன் அம்மா இரண்டு இட்லி வைத்திருப்பாள். அந்தக் கடையில் உட்கார்ந்து பேசுவதை மட்டும் நான் விடவில்லை, ஏனெனில் அந்தப் பேச்சுக்காகத்தான் மழைத்தூறலிலும் கீழே இறங்குகிறேன்.

அதன்பிறகு ஐந்து மாதங்களில் எடை 74 ஆனது. நான்கு கிலோதான், ஆனால் இடுப்பு 92க்கு வந்துவிட்டது. தொப்பையை மட்டும் கரைக்கும் பயிற்சி என்று எதுவும் இல்லை என்றும், உடல் முழுவதும் கொழுப்பு குறையும்போது வயிற்றின் உட்புறக் கொழுப்பும் கரைகிறது என்றும் அம்மையார் விளக்கினார்.

சென்ற மாதம் முழுவதும் 92லேயே நிற்கிறது. எடை குறைந்த உடலுக்கு அதே நடைக்குச் செலவும் குறைவாம். ஆகவே இப்போது பாலத்தைத் தாண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் சேர்த்திருக்கிறோம்.

நீ வாங்கித் தந்த இடுப்புவாரின் கடைசித் துளையும் தளர்ந்துவிட்டதால், நேற்று ஆணியைச் சூடாக்கி உன் அம்மா இன்னொரு துளை போட்டுக் கொடுத்தாள். தீபாவளிக்கு நீ வரும்போது அதைத்தான் அணிந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா