அன்பும் நேசமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை மாற்றம் உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கிரேக்கத்தில் அன்புக்கு நான்கு சொற்கள், அவற்றில் அகாப்பே மட்டும் தெய்வீகமானது என்று ஒரு சொற்பொழிவில் சொன்னார்களாமே. அதற்கு வழக்கமாகக் காட்டுவது யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரம். உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர் பேதுருவிடம், தம்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு கேள்விகளிலும் அகாப்பேயின் வினைச்சொல் வருகிறது. பேதுருவோ ஒவ்வொரு முறையும் ஃபிலியாவின் வினைச்சொல்லால், அதாவது நட்பின் சொல்லால், பதில் சொல்கிறார். மூன்றாம் முறை இயேசுவும் அந்தச் சொல்லுக்கே வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே 'லவ்' என்பதால் இந்த நகர்வு கண்ணில் படுவதில்லை. நம் பழைய தமிழ் வேதாகமம் 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறேன்' என்று பிரித்தே வைத்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஆனால் 'தெய்வீகமானது' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே யோவான், பிதா குமாரனிடம் வைத்த அன்பை 3:35இல் ஒரு சொல்லாலும் 5:20இல் மற்றதாலும் சொல்கிறார். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட மோகத்துக்கும் அகாப்பேதான். அவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். எபிரேய மூலத்தில் கடவுள்மேல் உள்ள அன்புக்கும் ஈசாக்குக்குப் பிடித்த உணவுக்கும் ஒரே வினைச்சொல்தான். அதைப் பெயர்த்தவர்கள் பல இடங்களில் அகாப்பேயைப் போட்டார்கள். அதனால் சொல் மட்டுமே அன்பின் தரத்தைச் சொல்லிவிடாது. யார், யாரிடம், எதற்காக என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் பல சொற்கள் எதற்கு? உறவில் எது முக்கியம் என்று ஒரு சமூகம் நினைத்ததோ, அதற்குத் தனிப் பெயர் வந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தனியே நிறுத்துகிறது. மறுபக்கத்தில் விருப்பம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடும். வெறுமனே காதல் என்றால் தெரியாது. அப்புறம், குறளில் அருள் என்பது 'அன்பீன் குழவி'. தொடர்புடையவர்களிடம் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிரிடமும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரிக்கிறார். முதலாவது பழகப் பழக வளரும். இரண்டாவதற்குப் பழக்கமே தேவையில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், முன்பின் தெரியாதவனிடம் காட்டும் இரக்கமும் பெற்ற பிள்ளையிடம் உள்ள பாசமும் ஒரே அளவுகோலுக்குள் வந்துவிடும். அப்போது ஒன்று குறைபட்டதாகத் தோன்றும்.

பேதுருவிடம் எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம். மூன்றாம் முறை கேட்டதற்காக அவர் துக்கப்பட்டார் என்கிறது வசனம். கேட்ட எண்ணிக்கையா, மாறிய சொல்லா, எது அவரை வருத்தியது? எண்ணிக்கைதான் என்பது என் கட்சி. இயேசுவைத் தெரியாது என்று அவர் மறுதலித்ததும் மூன்று முறைதானே. நீ படித்துவிட்டு எழுது.

உன்,
மணி