எடுத்தார் ஓட்டம்

தலவாக்கலை
ஜூன் 9

அன்புள்ள ரவி,

தைப்பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை எல்லாம் நேரில் வரும்போது வைத்துக்கொள். அம்மா சுகம், மழையோடு முழங்கால் வலியும் வந்துவிட்டது. சின்னவள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது அவள் அம்மா படிக்கிறாள். செல்வம் மாஸ்டர் இன்னும் அதே குடையோடுதான் திரிகிறார். அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. மே தினத்தன்று மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் நடந்த கிரிக்கெட் இறுதிப் போட்டியில் ஒரு பெரிய சண்டைக்கு நான் காரணமாகிவிட்டேன். பந்தைத் தொடவில்லை, துடுப்பைத் தொடவில்லை. இரண்டே சொல்தான் சொன்னேன். கதை எப்படியும் உன் காதுக்கு வந்துவிடும். பூங்கொடி அக்கா சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நேர்முக வர்ணனைக்கு வரவேண்டியவர் வரவில்லை. "நீதானே சின்ன வயதில் பேசிக்கொண்டே இருப்பாய்" என்று மைக்கை என் கையில் கொடுத்துக் கொழுந்து லொறியின் மேல் ஏற்றிவிட்டார்கள். மேற்கணக்கு எட்டு ஓவரில் 64. கீழ்க்கணக்கு அடித்து ஆடி, கடைசிப் பந்துக்கு 63இல் நிற்கிறது. ஒன்று எடுத்தால் சமம், இரண்டு எடுத்தால் வெற்றி. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. லொறிக்குப் பக்கத்தில் ஓரளவு தெரிகிறது, அந்தக் கரையில் கூடாரத்தில் இருந்த ஸ்கோர் எழுதும் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் என் குரலைக் கேட்டுத்தான் எழுதுகிறான். எனக்கு அது தெரியாது.

பந்து பொயின்ட் பக்கம் உருண்டது. அடித்தவன் இடத்தை விட்டு அசையவில்லை, கையைத் தூக்கி "வேண்டாம்" என்கிறான். எதிர்முனையில் நின்ற பிரகாஷ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிய்த்துக்கொண்டு கிளம்பினான். நான் மைக்கில் கத்தினேன்: "எடுத்தார் ஓட்டம்!" பிரகாஷ் பாதியில் நிலைமை புரிந்து திரும்பி ஓட, அதற்குள் அந்த முனையில் ஸ்டம்பைக் கலைத்துவிட்டார்கள். நான் மறுபடியும்: "ரன் அவுட்!"

பையன் என்ன எழுதியிருப்பான் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. "எடுத்தார் ஓட்டம்" என்றதும் ஒன்று போட்டான். பிறகு ரன் அவுட் என்றதும், இரண்டாவது ஓட்டத்துக்கு முயன்றபோது அவுட் என்று நினைத்துக்கொண்டான். ஓடி முடித்த ஓட்டம் கணக்கில் சேரும், முடிக்காததுதான் சேராது. அவன் கணக்கில் 64, ஆட்டம் சமம். பையனைக் குற்றம் சொல்ல முடியாது, விதி அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. பனி விலகியபோது கீழ்க்கணக்கு ஆட்கள் மத்தளம் அடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவர்கள் ஓட்டமே இல்லை என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மத்தளம் நின்றது, ஏச்சு நிற்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன்? நம் ஊரில் ஒரு பயல் நாயைக் கண்டு கிளம்பினால் "எடுத்தான் பார் ஓட்டம்" என்றுதானே சொல்வோம்? கிரிக்கெட்டில் அதே ஓட்டம் ஸ்கோராகவும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்பது நாற்பது வருடமாகத் தெரியும், ஒரு நாளும் இடறியதில்லை.

அதற்குப் பிறகு என் வேலை என்ன தெரியுமா? ராத்திரியில் ஆங்கில வர்ணனையைக் கேட்டு ஒரு பழைய கொப்பியில் குறித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எனக்குப் பைத்தியம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் கேள், அவர்கள் ஓடுவதற்கு ஒரு சொல்லைச் சும்மா போடுவதில்லை. "ஜாக்" என்று சொன்னால், பந்து தூரத்தில் நிற்கும் ஆளிடம் போய்விட்டது, ஆபத்து இல்லை, இருவரும் சாவகாசமாக முனை மாறுகிறார்கள். களத்தடுப்பாளர் எங்கே நிற்கிறார் என்று வர்ணனையாளர் சொல்லவே வேண்டாம், அந்த ஒரு சொல்லிலேயே அது தெரிந்துவிடுகிறது. "ஸ்பிரிண்ட்" என்றால் முழு மூச்சும் போட்டுக் கொஞ்ச தூரமாவது நீடிக்கிற ஓட்டம். எல்லைக்கோட்டோரம் பந்தை விரட்டுகிறவனுக்கு அடிக்கடி வரும். "டேஷ்" குட்டையானது, போய்ச் சேரும் இடம் ஒன்று கண்முன்னே இருக்கும், கோட்டைத் தொட்டால் பிழைத்தான். "ஸ்கேம்பர்" என்றொன்று இருக்கிறது, கிரிக்கெட்காரர்களுக்கு அதன்மேல் தனி ஆசை. அது நம் குடுகுடு ஓட்டம்தான், அச்சு அசல்.

கடைசியில் "போல்ட்". இதில் வேகத்தைவிடக் கிளம்புகிற விதம்தான் முக்கியம். நுவரெலியா சீசனுக்கு உன் மாமா நம்மைக் குதிரைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனாரே, அன்று ஒரு குதிரை பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதே, நீ கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டாயே, அதுதான் போல்ட். திடீரென்று, யாரையும் கேட்காமல், அடக்க முடியாமல். அந்தச் சொல்லைக் கேட்டவுடனே 'இவன் கூட்டாளியைப் பார்க்காமல் கிளம்பிவிட்டான், ஏதோ நடக்கப்போகிறது' என்று கேட்பவனுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். (சின்னவன் உசைன் போல்ட்டை இழுத்தான். அவர் 2009இல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 வினாடியில் ஓடியது ஸ்பிரிண்ட், பெயர் மட்டும்தான் போல்ட் என்று சொன்னேன். கிளம்புவதில் அவர் அப்படியொன்றும் மிரண்ட குதிரை இல்லை.)

அந்தச் சொல்லையே தமிழில் பேசும்போதும் போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். லவுட்ஸ்பீக்கரில் "பிரகாஷ் போல்ட்" என்று நான் கத்தியிருந்தால் ஸ்டம்ப் பறந்துவிட்டது என்று ஊரே நினைத்திருக்கும். பந்து ஸ்டம்பைத் தட்டி ஆள் அவுட்டானால் சொல்கிற "போல்ட்"டும் இந்தப் போல்ட்டும் நம் வாயில் ஒன்றுதானே. வாசல் இந்தப் பக்கமும் அடைப்பு.

இன்னொரு சிக்கல் நேரம். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு 58 அடி, ஏறக்குறைய 17.7 மீட்டர். ஓடத் தெரிந்தவன் மூன்று வினாடியில் போய்ச் சேர்ந்துவிடுவான். ஆங்கிலக்காரனுக்கு ஓடும் விதம் முழுக்க வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஓரிரண்டு அசையில் முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறான். நாம் விதத்தைத் தனியாகச் சொல்லி, ஓடுவதைக் கடைசியில் சொல்கிறோம். "பிரகாஷ் எதிர்முனையிலிருந்து யாரையும் பார்க்காமல் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார்" என்று சொல்லிப் பார், ஆள் அவுட்டாகிப் பந்தலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். அதனால்தான் அவசரத்தில் நாமெல்லாம் வினையை முன்னால் தூக்கிப் போடுகிறோம்: "அடித்தார் குமார், விட்டார் பந்தை, எடுத்தார் ஓட்டம்". யாரும் சொல்லித் தந்ததில்லை, அவசரம் தானாகவே வாக்கியத்தைத் திருப்பிவிடுகிறது. நல்ல வழிதான். ஆனால் அப்படித் திருப்பும்போது முதலில் விழுகிற சொல் எது என்பதில் கவனம் வேண்டும். நான் இடறியது அங்கேதான்.

1999 உலகக் கிண்ண அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா, எட்ஜ்பாஸ்டன்? லயத்தில் கரண்ட் போய், உன் அண்ணன் லொறி பெற்றியில் ரேடியோவை இணைத்தாரே. தென்னாபிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் ஒன்பது வேண்டும். குளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் நான்குக்கு விரட்டினார், 213இல் சமம். மூன்றாவது பந்தில் எதிர்முனையில் டொனால்ட் கொஞ்சம் முன்னே போய் மயிரிழையில் தப்பினார். நான்காவது பந்தை மிட்-ஓஃப் பக்கம் அடித்த குளூஸ்னர் தலைதெறிக்க ஓடுகிறார், டொனால்ட் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நின்றதில் நியாயம் இருக்கிறது, முந்திய பந்தில் பட்ட சூடு. தாமதமாகத் திரும்பும்போது கையிலிருந்த துடுப்பும் விழுகிறது, துடுப்பில்லாமலே ஓடுகிறார். மார்க் வோ எறிந்த பந்து பந்துவீச்சாளர் ஃபிளெமிங்கிடம் வர, அவர் அதைக் கில்கிறிஸ்ட்டிடம் உருட்டிவிட, முடிந்தது. ஆட்டம் சமம், அவுஸ்திரேலியா இறுதிக்குப் போனது.

அதில் இரண்டு ஓட்டம் இருக்கிறது, கவனித்தாயா? குளூஸ்னருடையது போல்ட், டொனால்டுடையது, அவர் கடைசியில் கிளம்பியபோது, டேஷ். இரண்டு பேருக்கும் "ஓடுகிறார்" என்று ஒரே சொல்லைப் போட்டால், ரேடியோ கேட்கிறவனுக்கு இருவரும் சேர்ந்து ஓடுவதாகத்தான் படும். ஒருவர் கிளம்பிவிட்டார், ஒருவர் நிற்கிறார் என்பதுதானே அந்தப் பந்தின் கதை. அந்த ராத்திரி நான் மைக்கில் இருந்து "எடுத்தார் ஓட்டம் குளூஸ்னர்" என்று கத்தியிருந்தால் தென்னாபிரிக்கா என் வாயாலேயே இறுதிக்குப் போயிருக்கும்.

கொப்பியில் இப்போது ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. ஸ்கோருக்கு "ரன்" என்றே சொல்வது, ஓட்டம் என்ற சொல்லைக் காலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. செல்வம் மாஸ்டருக்கு இதில் கோபம், பத்திரிகையில் ஓட்டம் என்றுதானே போடுகிறார்கள் என்கிறார். பத்திரிகைக்காரன் மறுநாள் எழுதுகிறான், அவனுக்குப் பனி இல்லை என்றேன். போல்ட்டுக்கு "கிளம்பிவிட்டார் பிரகாஷ்" போதும். ஓடினார் என்பதே வேண்டாம், கேட்காமல் போனதெல்லாம் அந்த "விட்டார்" என்பதில் வந்துவிடுகிறது. டேஷுக்குப் "பாய்ந்தார் கோட்டுக்கு". ஸ்கேம்பருக்குக் குடுகுடு, அதில் சந்தேகமே இல்லை. ஸ்பிரிண்ட்டுக்கு "முழு மூச்சில்". கொஞ்சம் நீளம்தான், ஆனால் அந்த ஓட்டமும் நீளம் என்பதால் நேரம் கிடைக்கும்.

ஜாக்குக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. மெதுவோட்டம் என்றால் டாக்டர் சொல்லி ஓடுவது போல இருக்கிறது. ஓட்டமும் நடையுமாக என்றால் பஸ்ஸைத் தவறவிட்டவன். லொங்கு லொங்கென்று என்றால் களைத்துப்போனவன். அவசரமே இல்லாமல், சந்தோஷமாக, துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அந்த ஓட்டத்துக்கு உன் அப்பா ஏதோ ஒரு சொல் சொல்வார். பெரட்டுக்களத்துக்கு நேரம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துச் சொல்வாரே, அது. எனக்கு நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

ஓகஸ்டில் மறுபடி ஒரு ஆட்டம் இருக்கிறது, மைக் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். ஸ்கோர் பையனை லொறியில் என் பக்கத்திலேயே உட்காரவைக்கப் போகிறேன். பிரகாஷ் இன்னும் என்னோடு பேசவில்லை. அவன் ஏன் கிளம்பினான் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் ஏன் கத்தினேன் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். வரும்போது அந்த சைக்கிள் பம்பை மறக்காதே.

உன்,
லோகன்