எங்கள் பங்கு, உங்கள் பங்கு: முதலாளி அண்ணாச்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பி.எஃப்.னு 1,920 புடிச்சிருக்கே, எதுக்கு?” என்று சேலைப் பிரிவில் நிற்கும் பிள்ளை கேட்டதும், அதற்கு அக்கவுண்ட்ஸ் பிரிவில் கிடைத்த பதிலும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். “ரெண்டு பங்கும் ஒன் பேர்லதானம்மா கெட்டுதோம், பொறவு என்ன?” என்றார்கள். பொறவு என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அந்தச் சீட்டின் இடப்பக்கத்தில் மூன்றே வரிகள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 8,000. வீட்டு வாடகைப்படி 4,000. சிறப்புப்படி 6,000. மொத்தம் 18,000. (8,000 என்பது அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வியை இப்போதைக்கு மடித்து வைக்கிறோம்.) வலப்பக்கத்தில் பி.எஃப். 1,920, இ.எஸ்.ஐ. 135. கைக்கு வருவது 15,945.

பி.எஃப். பிடித்தம் ஊழியருக்கு 12 சதவீதம். 8,000க்கு 12 சதவீதம் 960தான். மீதி 960 கடை தன் பணத்திலிருந்து போட வேண்டிய பங்கு. அதையும் அந்தப் பிள்ளையின் சம்பளத்திலேயே கழித்திருக்கிறீர்கள். முதலாளியின் பங்கைத் தொழிலாளி கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது என்பது வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிற விதி.

இது இத்தனை நாள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகைகள் இருக்கும்: ஊழியர் பங்கு 960, முதலாளி பங்கு 294, ஓய்வூதியப் பங்கு 666. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்கும் மிச்சம் 3.67 சதவீதம் பி.எஃப். கணக்குக்கும் பிரிவதால்தான் இந்த 666, 294. மூன்றையும் கூட்டினால் சரியாக 1,920. சீட்டிலும் அதே 1,920. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவர் “ஒரு ரூவா கொறையல” என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார். கூட்டுத்தொகையைப் பார்க்கக் கூடாது அண்ணாச்சி. சீட்டில் பிடித்த தொகை பாஸ்புக்கின் ஊழியர் பங்கு என்ற கட்டத்தோடு மட்டும்தான் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒன்று 1,920, மற்றது 960. நடுவில் இருக்கும் 960 ரூபாய், மாதாமாதம், நீங்கள் கட்டியதாக அரசாங்கத்துக்குக் காட்டும் எங்கள் துட்டு. ஓராண்டுக்கு ஓர் ஆளுக்கு 11,520.

கடைக்குக் கணக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த வரியைப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 18,000க்கு 135. அதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறீர்கள். கடையின் 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாயை, சீட்டில் தொடாமல் தனியே கட்டுகிறீர்கள். இ.எஸ்.ஐ.க்குத் தெரிந்த நியாயம் அதற்கு மேல் வரியில் இருக்கும் பி.எஃப்.புக்கு எப்படி மறந்தது?

‘உன் சம்பளத்தில் கடைப் பங்கும் அடக்கம், சி.டி.சி. அப்படித்தான்’ என்று பதில் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். சி.டி.சி. என்பது கடைக்கு ஆகும் மொத்தச் செலவு. அந்த முறையில் வேலைக்கு எடுத்திருந்தால் கடைப் பங்கு சம்பள வரிகளுக்கு வெளியே தனியாக நிற்கும். மொத்தச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டிவிட்டுப் பிறகு கழிக்க முடியாது. எங்கள் நியமனக் கடிதத்தில் இருப்பது ‘மாதச் சம்பளம் ரூ. 18,000’. சி.டி.சி. என்ற சொல்லே அதில் கிடையாது.

இனி அந்தச் சிறப்புப்படி. என்ன சிறப்பு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பில் போடுகிறவருக்கும் உண்டு, துணி மடிக்கிறவருக்கும் உண்டு. கூடுதல் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே 6,000. இப்படி எல்லாருக்கும் ஒன்றுபோலக் கொடுக்கும் படி, பெயர் எதுவானாலும், பி.எஃப். கணக்குக்கு அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டு வாடகைப்படி சேராது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை. ஆகவே கணக்குப் போட வேண்டியது 8,000க்கு அல்ல, 14,000க்கு. கட்டாய உச்சவரம்பான 15,000க்குள் இது அடங்குவதால் வரம்பைக் காட்டி விலகவும் வழியில்லை.

ஒழுங்காகப் போட்டால் என்ன ஆகும்? எங்கள் பிடித்தம் 1,680. இ.எஸ்.ஐ. 135. கைக்கு 16,185. இன்று வாங்குவதைவிட 240 ரூபாய் கூடுதல். கணக்கில் எங்கள் 1,680, கடையின் 1,680 சேர்ந்து மாதம் 3,360 ஏறும். ‘பி.எஃப். கூடுனா கையில கொறையும், பரவாயில்லையா?’ என்று இனி யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

ஓய்வூதியத்தில்தான் அடி பலமாக விழுகிறது. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் கணக்கு. 14 ஆண்டு கவுண்டரில் நின்ற ஒருவருக்கு 14,000 என்று காட்டியிருந்தால் 58 வயதில் மாதம் 2,800 வரும். 8,000 என்று காட்டினால் 1,600. அவர் ஆயுள் முழுக்க மாதாமாதம் அந்த 1,200 ரூபாய் குறைவாகவே வரும். அப்போது வந்து யாரிடம் கேட்பது?

நிற்பது என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் திருத்தியாயிற்று. நம் கடையிலும் ஸ்டூல் வாங்கினீர்கள். அவை இன்றும் பாலிதீன் உறை பிரியாமல் குடோனில் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. தொழில் வரி இன்னொரு கதை. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கிறீர்கள், மாநகராட்சி ரசீதை யாரும் பார்த்ததில்லை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அந்த வரியை வாங்க முடியாது என்பதை மட்டும் கணக்கர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சரி, பேச்சு வேறு பக்கம் போகிறது. பணிவாகவே கேட்கிறோம்: எங்கள் பங்கை எங்களிடம் பிடியுங்கள், உங்கள் பங்கை நீங்கள் போடுங்கள். சிறப்புப்படியைச் சேர்த்து 14,000க்குக் கணக்கிடுங்கள். இதுவரை எங்களிடம் பிடித்த கடைப் பங்கை, ஆளுக்கு எவ்வளவு என்று எழுதி, சம்பளத்தோடு திருப்பித் தாருங்கள். மாதத் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதால், கட்டிய சலானின் நகலை 16ஆம் தேதி பஞ்ச் மெஷின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

என்.ஜி.ஓ. காலனி பி.எஃப். அலுவலகத்துக்கு வண்ணார்பேட்டையிலிருந்து பஸ் ஏறத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். சீட்டும் பாஸ்புக் பக்கமும் தேதி வாரியாக அச்செடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு முன் உங்களிடம் கேட்பதுதான் முறை என்பதால் இந்த மடல். வரும் மாதச் சீட்டில் பி.எஃப். என்ற வரிக்கு எதிரே 1,680 இருக்குமாறு கணக்கரிடம் சொல்லிவிடும்படி வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடையின் விற்பனை, பில்லிங், குடோன் ஊழியர்கள்,
திருநெல்வேலி