சமையல் மேடை விளக்கு அணைந்து அணைந்து எரிவது குறித்த புகார்

அனுப்புநர்: திருநகர் வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்: மேலாளர், சமையலறை அமைப்புப் பிரிவு.

பொருள்: அலமாரிக்கு அடியில் பொருத்திய பட்டை விளக்கும் அதற்கு மின்சாரம் மாற்றித் தரும் டிரைவரும் பழுது.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சமையலறையில் மேல் அலமாரிகளின் அடியில் உங்கள் ஆட்கள் பட்டை விளக்கு பொருத்தி ஆறு வாரம் ஆகிறது. முதல் நாளிலிருந்தே ஒரே குறைதான். போட்டு 25 நிமிடம் ஆனதும் அணைந்துவிடுகிறது, சற்று நேரம் கழித்துத் தானாக எரிகிறது, மறுபடி அணைகிறது. போன ஞாயிறு அம்மா மேடையில் அயிரை மீன் கழுவிக்கொண்டிருந்தார். விரல் நீளம்கூட இல்லாத மீனைக் கல்லுப்புப் போட்டு உரசி, மண் போய்விட்டதா என்று தண்ணீரில் பார்க்கிற நேரத்தில் இருட்டிவிட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்த்தான் வேலையை முடித்தார். எழுபது வயதுக்காரருக்கு மேடையில் நல்ல வெளிச்சம் வேண்டும் என்றுதான் இந்த வேலையையே உங்களிடம் கொடுத்தேன்.

மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். மூன்று முறையும் "உங்கள் தெருவில் மின்னழுத்தம் சரியில்லை" என்றே பதில் வந்தது. அது உண்மையில்லை. எங்கள் எலெக்ட்ரீஷியன் விளக்கு அணைந்திருந்தபோதே மீட்டர் வைத்துப் பார்த்தார். டிரைவருக்குள் 228 வோல்ட் போய்க்கொண்டிருந்தது, டிரைவரிலிருந்துதான் எதுவும் வெளியே வரவில்லை.

கணக்கு எளிது. சிம்னியின் ஒரு பக்கம் 2.4 மீட்டர், மறுபக்கம் 1.8 மீட்டர், ஆக 4.2 மீட்டர் பட்டை. மீட்டருக்கு 14.4 வாட் என்று உங்கள் பில்லிலேயே இருக்கிறது. பெருக்கினால் 60 வாட்டுக்குச் சற்று அதிகம். நீங்கள் வைத்திருக்கும் டிரைவரோ 12 வோல்ட், 60 வாட். ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வைக்காமல் டிரைவரை முழுச் சுமையில் ஓட்டுவது தவறு. அதிலும், சிம்னிக்கு மேலே பிளைவுட் அடித்து மூடிய பெட்டிக்குள், காற்றுப் போக வழியில்லாத இடத்தில் அதை வைத்திருக்கிறீர்கள். அடுப்புச் சூடும் மதுரை வெயிலும் சேர்ந்தால் டிரைவர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது, ஆறியதும் மறுபடி ஓடுகிறது.

இது ஊகம் அன்று, சோதித்துப் பார்த்தோம். 1.8 மீட்டர் துண்டைக் கழற்றிவிட்டோம், மிச்சச் சுமை ஏறக்குறைய 35 வாட். மாலை முழுவதும், மூன்று மணி நேரம், ஒருமுறைகூட அணையவில்லை. பிறகு இரண்டு துண்டையும் இணைத்து, டிரைவரை மட்டும் பெட்டிக்கு வெளியே எடுத்துவைத்தோம். ஒரு மணி நேரம் தாங்கி அப்புறம் அணைந்தது. ஆகவே சுமையும் குற்றம், வைத்த இடமும் குற்றம்.

சேனல் விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. பால்நிற மூடி போட்ட அலுமினியச் சேனல் என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டு, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற மூடியைப் போட்டிருக்கிறீர்கள். கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு எல்இடியும் தனிப்புள்ளியாகத் தெரிந்து கண்ணைக் குத்துகிறது. மூடியை மட்டும் மாற்றினாலும் போதாது. மீட்டருக்கு 60 எல்இடி என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். நீங்கள் போட்ட சேனலின் ஆழம் 7 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளி அளவுக்காவது ஆழம் இல்லாவிட்டால் பால்நிற மூடிக்குப் பின்னாலும் புள்ளி தெரியும்.

எனவே மீட்டருக்கு 120 எல்இடி கொண்ட, 9.6 வாட் பட்டையாக மாற்றித் தாருங்கள். இடைவெளி பாதியாகும். பால்நிற மூடியோடு சற்றே ஆழமான சேனலில் வைத்தால் ஒரே கோடாக ஒளி வரும். சுமையும் 40 வாட்டாக இறங்கும், இதே 60 வாட் டிரைவர் தாராளமாகத் தாங்கும். பழைய பட்டையே இருக்கட்டும் என்றால் 100 வாட் டிரைவர் வேண்டும், ஆழமான சேனலும் வேண்டும். எதுவானாலும் டிரைவர் சிம்னியை விட்டு விலகி, பக்கத்து அலமாரியில் காற்றோட்டத் துளைகளுடன், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒயர். ஒரு துண்டின் முனையிலிருந்து மறுதுண்டுக்கு மெல்லிய ஒயரை அடுப்புக்கு நேர் மேலே, டைல்ஸில் செலோடேப் ஒட்டி இழுத்திருக்கிறார்கள். குழம்பு ஆவியில் டேப் விட்டு, ஒயர் அடுப்பின் மேல் தொங்குகிறது. இது ஆபத்து, இதை முதலில் கழற்றுங்கள். அந்த மறுதுண்டின் கோடியில் வெளிச்சம் மங்கலாக இருப்பதற்கும் இந்தத் தொடர் இணைப்பே காரணம். இரண்டு துண்டுக்கும் டிரைவரிலிருந்து தனித்தனி ஒயர் வர வேண்டும். அலமாரியின் அடிப்பலகையில், பின் மூலையில், சிறு துளையிட்டு உள்ளே ஏற்றி, கேசிங் போட்டுக் கொண்டுபோனால் வெளியே ஒரு அங்குல ஒயர்கூடத் தெரியாது. முன்பக்கம் ஏற்கெனவே பட்டி இறங்கியிருப்பதால் சேனலை அதன் பின்னால் ஒட்டி வைக்கலாம்.

இந்த மாற்றங்களைப் பத்து நாளுக்குள், கூடுதல் கட்டணமின்றிச் செய்துதர வேண்டுகிறேன். இயலாவிட்டால் விளக்கு வேலைக்கு வாங்கிய தொகையை முழுவதும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், மதிப்பீடு, மீட்டர் அளவுகளின் படங்களை இணைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் ஆள் அனுப்புங்கள், அதற்குள் அம்மாவின் சமையல் முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்